யாரும் இறங்கக் கூடாது

பணித்தளத்தில் அவருக்குப் பெயர் கடுதாசி. முகத்துக்கு நேரே சார். முதுகைத் திருப்பினால் கடுதாசி. அது அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஐம்பத்தாறு வயது. இருபத்தொன்பது வருடமாக அடுத்தவர் வெட்டிய குழிகளை எட்டிப் பார்த்துப் பார்த்தே கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட மனிதர். வேலையை எடுத்துச் செய்வது ஒப்பந்த நிறுவனம். அதை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க, வேலையைக் கொடுத்தவர்கள் வைத்திருக்கும் மேற்பார்வையாளர் இவர். வெயிலில் நின்று குறை கண்டுபிடித்து, அதை எழுதிக் கொடுத்து, ஒருவருக்கும் பிடிக்காத ஆளாக இருப்பதே ஒரு பிழைப்பு என்றால் அந்தப் பிழைப்பை அவர் குறையில்லாமல் நடத்திவந்தார்.

எப்போதும் கக்கத்தில் ஒரு புத்தகம் இருக்கும். பணித்தள அறிவுறுத்தல் புத்தகம். ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தாள். நடுவில் கார்பன் வைத்து எழுதினால் வெள்ளைத் தாள் ஒப்பந்தக்காரருக்கு, மஞ்சள் தலைமை அலுவலகத்துக்கு, ரோஸ் புத்தகத்திலேயே தங்கும். அச்சடித்த எண் என்பதால் தப்பாக எழுதினாலும் கிழித்துப் போட முடியாது; குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி அப்படியே வைக்க வேண்டும். இந்தக் கழிவுநீர்க் குழாய் வேலையில் மட்டும் எட்டு மாதத்தில் எண்பத்தாறு கடிதம் எழுதியிருந்தார். அத்தனையும் ஒரே ராகம். 'தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது', 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' எழுதியவர் யார், செய்ய வேண்டியவர் யார், எப்போது செய்ய வேண்டும் என்று எதுவும் பிடிபடாத வாக்கியங்கள். ஒப்பந்தக்காரரின் சைட் மேனேஜர் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். அப்புறம் அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் இவர் இப்படி எழுதியவர் அல்ல. இளவயதில் காட்டமாகத்தான் எழுதினார். காட்டமாக எழுதினால் கூட்டம் போடுவார்கள், கூட்டத்தில் கத்துவார்கள், கடைசியில் தலைமை அலுவலகமே "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லும். வருடக்கணக்கில் அனுசரித்ததில் எழுத்து தேய்ந்துபோனது. ஆள் சோம்பேறி இல்லை. அலுத்துப்போனவர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அந்தப் புதன்கிழமை அவர் மனமெல்லாம் ஊரில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இரண்டு முறை தேதி குறித்து இரண்டு முறையும் தள்ளிப்போட்டது. ஒரு முறை ஒரு பாலத்தின் தூணால், ஒரு முறை நீரேற்று நிலையத்தின் கான்கிரீட்டால். அந்த அம்மாள் மூன்று வருடமாகப் படியைப் பக்கவாட்டில் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தார். முந்தின நாள் போனில் சொன்னார்: "இந்தத் தடவையும் ஏதாவது ஒரு குழி வந்து நடுவுல நிக்கும் பாருங்க."

"எந்தக் குழியும் வராது. புதன்கிழமை சாயந்திரம் ஆறு மணி பஸ். டிக்கெட் எடுத்தாச்சு."

"டிக்கெட்தானே. அது எல்லாத் தடவையும் எடுத்ததுதான்."

பதிலுக்குச் சிரித்துவைத்தார். அவர் இல்லாத பத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளத் திங்கள்கிழமை மாற்று மேற்பார்வையாளர் வருவதாக ஏற்பாடு. இடையில் இருக்கும் மூன்று நாளுக்குப் பக்கத்துத் தளத்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

காலை எட்டரைக்குக் குழியைச் சுற்றி வந்தார். ஆழம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் தொடுகிற அளவு. மண் சரியாமலிருக்க இரண்டு சுவரிலும் பலகை, பலகையைப் பிடிக்க நீளவாட்டில் சட்டம், எதிரெதிர் சட்டங்களுக்கு நடுவே குறுக்கு முட்டு. வரைபடத்தில் அப்படித்தான். தளத்தில் வேறு ஒரு பழக்கம் வந்திருந்தது. குழாய் ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர் நீளம். முட்டுகளுக்கு நடுவே அதை நேராக இறக்க இடம் போதாது. ஒரு முனையில் இறக்கி முட்டுகளுக்கு அடியிலேயே உள்ளே தள்ளிக்கொண்டு போனால் நேரம் பிடிக்கும். அதனால் இடையில் நிற்கும் முட்டை உருவிவிட்டு நேராக இறக்குவார்கள். இறக்கியதும் திரும்பப் போட வேண்டும். முதல் மாதத்தில் போட்டார்கள். பிறகு, முட்டு பற்றாக்குறை என்று, உருவினதை முன்னால் புதிதாக வெட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட ஆரம்பித்தார்கள். இப்படி முன்னால் போகப்போகப் பின்னால் ஓட்டை. இதைப் பற்றி அவர் மூன்று கடிதம் எழுதியிருந்தார். மூன்றும் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டவை.

எட்டரைக்குக் கிழக்கு விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரிந்தது. காய்ந்த மண்ணில் வெடிப்பு சகஜம். இரண்டு முனையிலும் ஆணியால் கீறி அடையாளம் வைத்துவிட்டு, பெட்டி கட்டும் நினைப்போடு அலுவலகத்துக்குப் போனார். பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது வெடிப்பு அடையாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓடியிருந்தது. குனிந்து இரும்பு அளவுநாடாவின் நுனியை உள்ளே விட்டார். ஒரு முழம் இறங்கியது. எட்டிப் பார்த்தால் பலகை உள்பக்கமாகத் தொப்பை போட்டிருந்தது. நடுவில் மூன்று முட்டுகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வெட்டின மண் அத்தனையும் விளிம்பிலேயே குவிந்திருந்தது. கீழே ஆறு பேர். குழாய் மேஸ்திரி மண்டியிட்டு இணைப்பில் ரப்பர் வளையத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்ந்தார். கத்தவில்லை; கத்தினால் அவசரத்தில் எதையாவது இடித்துக்கொண்டு ஏறுவார்கள்.

"மேஸ்திரி, எல்லாரும் மேல வாங்க. அந்த முனை ஏணி வழியா. ஒவ்வொருத்தரா."

"ஒரு வளையம்தான் சார் பாக்கி. போட்டுட்டு வந்துடறோம்."

"வளையத்த விட்டுடுங்க. கைல இருக்கறதயும் அங்கயே வச்சிட்டு வாங்க."

மேஸ்திரி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். எட்டு மாதத்தில் கடுதாசி ஒருமுறை கூட வாயால் ஒரு வேலையை நிறுத்தியதில்லை. அந்த அதிசயத்துக்காகவே ஆறு பேரும் ஏறி வந்தார்கள். மணி பதினொன்று பத்து. மண்வெட்டும் இயந்திரத்தின் ஓட்டுநரிடம், விளிம்புக்குப் பக்கம் வராமல் வண்டியை அப்படியே பின்னால் எடுக்கச் சொன்னார்.

ஐந்து நிமிடத்தில் சைட் மேனேஜர் வந்துவிட்டார். நாற்பது வயது, கெட்டிக்காரர், கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மேலிடத்திலிருந்து அவரைத் தினமும் பிழிந்தெடுத்தார்கள், அவர் கீழே இருப்பவர்களைப் பிழிந்தார்.

"என்னண்ணே, ஆளையெல்லாம் மேல ஏத்திட்டீங்களாம்?"

"சுவர் உள்ள சரிஞ்சு வருது. வெடிப்பப் பாருங்க."

மேனேஜர் பார்த்தார். பார்க்காதவர் போலவும் பார்த்தார். "முட்டு இப்பவே கொண்டாந்து போடச் சொல்றேன். அர மணி நேரம். ஒரு இணைப்பு பாதில நிக்குதுண்ணே, அத மட்டும் முடிச்சுக்கறோம்."

"முட்டு போட யார் இறங்குவா?"

மேனேஜர் குரலைத் தணித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க சாயந்திரம் ஊருக்குப் போறீங்க. அண்ணிக்கு ஆபரேஷன். போற நேரத்துல எதுக்கு இதத் தலைல தூக்கி வச்சுக்கறீங்க? நாங்க பாத்துக்கறோம். நம்பிக்கை இல்லன்னா எழுத்துல குடுங்க. வாயால சொன்னா நான் நிறுத்த முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்கு. டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் ஆளுங்க மேல இருக்கட்டும். அதுக்குள்ள காகிதம் வந்தாப் பாக்கலாம்."

அதுதான் விஷயம். டீ முடிய முக்கால்மணி நேரம். காகிதம் வரவில்லையென்றால் ஆறு பேரும் மறுபடி இறங்குவார்கள்.

தளத்தில் இருந்த தகரக் கொட்டகையில், சிமெண்ட் தூசி படிந்த மேஜையைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். கார்பனைச் சரிபார்த்தார். எண் 87. பேனா தானாக ஓட ஆரம்பித்தது. 'மேற்படி குழியின் பாதுகாப்பு நிலை குறித்துத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுவதுடன், தக்க முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும் வரை பணியைத் தவிர்ப்பது நலம் எனக்' என்று வந்து நின்றது. படித்துப் பார்த்தார். இதை வாங்கிக்கொண்டு ஒருவன் ஆறு பேரைக் கீழே இறக்கினால் இந்தக் காகிதத்தில் அவனைத் தடுக்க ஒரு சொல் கூட இல்லை. தவிர்ப்பது நலமாம். யாருக்கு நலம்? முன்பு எழுதின மூன்றும் இதே வழவழப்புத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படிக்காமல் கோப்பில் போட்டார்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாரே, படித்திருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? வெட்கமாக இருந்தது. குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். மணி பதினொன்று முப்பத்திரண்டு.

அடுத்த தாளை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எழுதினார். 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று கை போகும்போதெல்லாம் நிறுத்தினார்.

*பணித்தள அறிவுறுத்தல் எண் 88. புதன், காலை 11.45. ஒப்பந்தக்காரரின் தளப் பிரதிநிதிக்கு.*

*1. குழாய்க் குழியில் 340 மீட்டர் முதல் 362 மீட்டர் வரை எல்லா வேலையையும் உடனே நிறுத்துங்கள். காலை 11.10க்கு நான் வாயால் சொன்னதை இது உறுதிசெய்கிறது.*

*2. காரணம்: ஆழம் 3.4 மீட்டர். மூன்று குறுக்கு முட்டுகள் எடுக்கப்பட்டுத் திரும்பப் போடப்படவில்லை. கிழக்குப் பலகைகள் உள்ளே வளைந்துள்ளன. விளிம்பிலிருந்து 60 செ.மீ. தள்ளி 7 மீட்டர் நீளத்துக்கு வெடிப்பு உள்ளது, 8.30க்கும் 11க்கும் இடையில் அது அகன்றும் நீண்டும் உள்ளது. வெட்டிய மண் விளிம்பிலேயே குவிக்கப்பட்டுள்ளது. சுவர் சரியக்கூடும்.*

*3. யாரும் இறங்கக் கூடாது. கருவி, பம்பு, குழாய் எதையும் எடுப்பதற்காகவும், முட்டைத் திரும்பப் போடுவதற்காகவும் கூட இறங்கக் கூடாது.*

*4. விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளித் தடுப்பு வையுங்கள். ஏணியை எடுத்துவிடுங்கள். தடுப்புக்குள் ஆளோ இயந்திரமோ வரக் கூடாது. இரவும் பகலும் காவல் போடுங்கள்.*

*5. இதைச் சரிசெய்யும் முறையைத் தகுதியுள்ள பொறியாளரைக் கொண்டு கணக்கிட்டு, வரைபடத்துடன் எழுத்தில் தாருங்கள். அது ஏற்கப்பட்ட பிறகே எதையும் தொடங்கலாம்.*

*6. சரிசெய்ததை நான் நேரில் பார்த்து, எழுத்தில் அனுமதி தரும் வரை யாரும் குழிக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது. வாய்மொழி அனுமதியும் போன் அனுமதியும் செல்லாது.*

*7. இந்த நிறுத்தம் தங்கள் தரப்புக் குறையால் வந்தது. இதற்காகக் கால நீட்டிப்பு இல்லை.*

ஆறாவது வரியை எழுதும் முன் பேனாவை மேஜையில் வைத்தார். 'மேற்பார்வையாளர் அல்லது அவர் நியமிப்பவர்' என்று போடலாம். முறைப்படி அதுவும் சரிதான். போட்டால் ஆறு மணி பஸ்ஸில் ஏறலாம். ஆனால் பக்கத்துத் தளத்து ஆளை அவருக்குத் தெரியும். போன மாதம் கைபேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தபடியே அனுமதி கொடுத்த புண்ணியவான். மேனேஜருக்கும் அந்த ஆளைத் தெரியும். அந்த ஒரு சொல்லைப் போட்டால் நாளை மதியத்துக்குள் குழிக்குள் ஆள் இருக்கும். பேனாவை எடுத்து 'நான்' என்று எழுதினார். எழுதிய கையாலேயே தன் பயணத்தை ரத்து செய்துகொண்டது போல இருந்தது. உண்மையில் அதுதான் நடந்தது.

மேனேஜர் நின்றபடியே படித்தார். கடுதாசியின் கடிதம் ஒன்றை அவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல் முறை.

"அண்ணே, இது என்ன, போலீஸ் எழுதின மாதிரி இருக்கு?"

"கையெழுத்துப் போடுங்க. நேரமும் போடுங்க."

"சரி, அப்ப எப்படிச் சரி பண்ணணும்னு நீங்களே சொல்லிடுங்க. அதுபடியே செஞ்சிடறோம்."

இந்தத் தூண்டிலில் அவர் இளவயதில் ஒருமுறை மாட்டியிருக்கிறார். முறையை இவர் சொன்னால், நாளைக்கு ஏதாவது ஆனால் 'அவர் சொன்னபடிதான் செய்தோம்' என்று கைகழுவிவிடலாம். "முறை உங்களோடது. சரியா இருக்கான்னு பாக்கறதுதான் எங்க வேல."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம்.

அப்புறம் போன் ஓயவில்லை. ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர், அவருக்கும் மேலாளர், கடைசியில் இவருடைய தலைமை அலுவலகத்து அதிகாரி. அதிகாரி கத்தவில்லை. கத்தாமல் பேசுகிறவர்களிடம்தான் இவருக்குப் பயம். "நிறுத்தினது சரி. அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆறாவது வரிய மட்டும் மாத்திடுங்க. நியமிப்பவர்னு போடுங்க. நீங்க லீவுல போங்க."

"பக்கத்துத் தளத்து ஆள் படத்தப் பாத்தே கையெழுத்துப் போடுவார் சார்."

"அது அவர் பொறுப்பு."

"ஆறு பேர் இறங்குற குழி சார் அது."

"உங்க இஷ்டம். லீவ நீங்களா ரத்து பண்ணினதா எழுதி அனுப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

மனைவிக்குப் போன் செய்வதற்குள் மணி நான்காகிவிட்டது. அதற்கு முன் மூன்று முறை எடுத்து எடுத்து வைத்தார்.

"சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள். பிறகு இவர் சொல்வதற்குள் அவரே, "வரல, அதானே?" என்றார்.

"ஒரு குழி…"

"தங்கச்சிய வரச் சொல்லிக்கறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. இந்த ஆளிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்று அந்த அம்மாள் முடிவு செய்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

வியாழக்கிழமை முழுவதும் தடுப்புக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவல் போட்டிருந்தார்கள்தான். ஆனால் காவலுக்கு நின்றவர் ஒப்பந்தக்காரரின் ஆள். மேனேஜர் கண்ணைக் காட்டினால் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து மணிக்கு மேனேஜர் வந்து பம்பை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வாடகைப் பம்பாம், வேறு இடத்துக்கு வேண்டுமாம். இரண்டே நிமிடமாம். கயிறு கட்டி இறங்குவார்களாம்.

"மூணாவது வரியப் படிங்க" என்றார் இவர்.

"படிச்சேண்ணே. பம்பு எடுக்கறது வேலையே இல்லையே. சாமான எடுத்துட்டு வர்றது."

"அதுக்காகத்தான் பம்புன்னு பேர் போட்டே எழுதியிருக்கேன்."

மேனேஜர் போய்விட்டார். மேஸ்திரியின் ஆட்கள் நிழலில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்பாக அல்ல. வேலை நின்றால் அவர்களுக்கும் அலுப்புதான். குழியோ பாறை மாதிரி நின்றது. ஒரு கைப்பிடி மண் கூட உதிரவில்லை. மதியத்துக்கு மேல் ஒருவன், கடுதாசி நாற்காலியைத் தூக்கினால்தான் சுவர் விழும் என்று ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். இவர் காதில் விழாதவர் போல இருந்தார். உள்ளுக்குள் ஒரு கேவலமான ஆசை எட்டிப் பார்த்தது. விழட்டுமே. ஆள் இல்லாத நேரம்தானே, விழுந்துவிட்டால் எல்லோருக்கும் புரியும், வீட்டுக்கும் பதில் சொல்லலாம். இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைக்கத்தான் செய்தார்.

அன்று சாயங்காலம் ஒப்பந்தக்காரரின் முறை எழுத்தில் வந்தது. இயந்திரம் குழியின் கெட்டியான முனையில் நின்றபடி, ஆள் யாரும் இறங்காமல், அந்த இருபத்திரண்டு மீட்டரையும் மண் போட்டு மூடுவது. பிறகு இரும்புப் பெட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வெட்டுவது. இரண்டு தடித்த இரும்புச் சுவரும் நடுவில் இரும்பு முட்டும் சேர்ந்ததுதான் பெட்டி. அதை மேலிருந்தே இறக்குவார்கள்; ஆட்கள் அதற்குள் மட்டும் நின்று வேலை செய்வார்கள். தலைமை அலுவலகம் கணக்கைச் சரிபார்த்து இரவே ஒப்புதல் அனுப்பியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு இயந்திரம் மண்ணைத் தள்ள ஆரம்பித்தது. ஊரில் அறுவை சிகிச்சைக்குக் குறித்த அதே ஏழரை. கைபேசியைச் சட்டைப்பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருந்தது மண் சரிந்து போவதை. கண்ணுக்குத் தெரிந்தது வேறு. பத்தேகாலுக்கு மச்சினி போன் செய்தாள். "முடிஞ்சுது மாமா. நல்லபடியா முடிஞ்சுது. அக்கா இன்னும் மயக்கத்துலதான் இருக்கு." அவர் சரி என்றார். பிறகு நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் கடிதம் எதுவும் எழுதவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குள் முதல் மூன்று பெட்டிகள் உட்கார்ந்துவிட்டன. விளிம்பிலிருந்து மண் தள்ளிக் குவிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஏணி. இவரே முதலில் இறங்கினார். முட்டுகளைப் பூட்டும் இரும்பு ஊசிகளைக் கையால் ஆட்டிப் பார்த்தார். பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளி நிரப்பப்பட்டிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்தார். எண் 89 இரண்டே வரி. *340 முதல் 352 வரை, பெட்டிக்குள் மட்டும், வேலை தொடங்கலாம். பெட்டிக்கு வெளியே யாரும் நிற்கக் கூடாது. மீதி பத்து மீட்டருக்கு எண் 88 அப்படியே நிற்கிறது.*

அந்த மீதியைத் திங்கள்கிழமை தலைமை அலுவலகத்து அதிகாரியே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். ஏன் மனம் மாறினார் என்று இவர் கேட்கவில்லை. வருகிறாரே, அது போதும்.

புறப்படும்போது குழாய் மேஸ்திரி பின்னாலேயே வந்தார்.

"சார், அந்த எண்பத்தெட்டு ஒரு நகல் கிடைக்குமா?"

"உங்களுக்கு எதுக்கு மேஸ்திரி?"

"இது முடிஞ்சா வேற சைட்டுக்குப் போவோம். அங்கயும் பம்ப எடுத்துட்டு வா, ரெண்டே நிமிஷம்னு சொல்லுவாங்க. நான் மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்க. எனக்குப் பேச வராது. அந்த மூணாவது வரியக் காட்டினா, வேற ஒரு சைட்ல ஒரு ஆபீசர் இப்படி எழுதியிருக்கார்னு சொல்லலாமே."

அலுவலகக் கடிதத்தை வெளியே கொடுப்பது முறையில்லை. இவர் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, மூன்றாவது வரியை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி அதை நான்காக மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்துக்கொண்டார். அவரும் நன்றி சொல்லவில்லை, இவரும் எதிர்பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மனைவியே கூப்பிட்டார். குரல் தேய்ந்திருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்காமலா இருக்கும். உள்ள தள்ளிட்டுப் போறப்ப பயமா இருந்துச்சுங்க. விளக்கு விளக்கா மேல போயிட்டே இருந்துச்சு. உங்களத்தான் தேடினேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அங்க இருந்தீங்க."

"ஆமா."

"அந்தக் குழி விழுந்துச்சா?"

ஒரு பொய் போதும். விழுந்தது, ஆறு பேரும் தப்பினார்கள் என்று சொன்னால் அந்த அம்மாளின் மனம் ஆறிவிடும். மூன்று முறை ஏமாந்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்துவிடும். பொய் என்று சொல்ல அங்கே யாருமில்லை. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்ல. விழல. மூடற வரைக்கும் அப்படியே நின்னுச்சு."

"ஒண்ணுமே ஆகலையா?"

"ஒண்ணுமே ஆகல."

பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய பஸ் அல்ல. அந்த அம்மாள் வைத்துவிட்டாரோ என்று கைபேசியைப் பார்த்தார். வைக்கவில்லை.

"அந்த ஆறு பேரும் வீட்டுக்குப் போனாங்களா?"

"தினமும் போனாங்க."

"சரி" என்றார் அந்த அம்மாள். "அப்ப நீங்களும் வாங்க."